‘புதன்கிழமைப் பிரதோஷம்’: பாட்டியின் காலண்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ‘புதன்கிழமைப் பிரதோஷம்’ சிறுகதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதில் வரும் பாட்டியின் சுவர்க் காலண்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

கதையை இன்னும் படிக்கவில்லை. சுருக்கமாக என்னதான் நடக்கிறது?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. மகன், மருமகளோடு பாட்டி இருக்கிறார். வருகிற வருடத்தின் எல்லாப் பண்டிகைகளையும் விரதங்களையும் டிசம்பர் கடைசியிலேயே சமையலறைக் காலண்டரில் தன் கையால் எழுதிவிடுவார். வீட்டில் மீன் வாங்குவதும் வெளியே சாப்பிடப் போவதும் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான்.

பேத்தி சென்னையில் படிக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் இருந்து அழைத்து, “பாட்டி, இன்னைக்குப் பிரதோஷமாச்சே, நீங்க கோயிலுக்குப் போகலையா?” என்று கேட்கிறாள். “எனக்கு இன்னைக்குத் துவாதசிடா கண்ணு, நாளைக்குத்தான்” என்கிறார் பாட்டி. பாட்டிக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்று பேத்தி நினைத்துக்கொள்கிறாள். அம்மாவிடமும் சொல்லிவிடுகிறாள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் பாட்டியை ரகசியமாகச் சோதித்துப் பார்ப்பதுதான் கதை.

அந்தப் பாட்டி உங்கள் சொந்தப் பாட்டியா?

இல்லை. எனக்குத் தெரிந்த பல வீட்டுப் பெரியவர்களிடம் பார்த்த பழக்கங்களைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். ஆனால் அவர் போடும் கணக்கில் கற்பனை கிடையாது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்க் காலண்டர் இருக்கும்போது பாட்டி ஏன் குதிரைக் காலண்டரில் எழுதுகிறார்?

பந்தய நாட்களில் குதிரைப் படம் போட்ட அந்தக் காலண்டரில் கட்டங்கள் பெரியவை, தேதி தூரத்தில் இருந்தே தெரியும், எழுத இடமும் இருக்கும். நம் ஊரில் இன வேறுபாடு இல்லாமல் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அது தொங்குகிறது. பள்ளி விடுமுறை, பொது விடுமுறை எல்லாம் அதிலேயே இருப்பதால் மருமகளும் அதைத்தான் பார்க்கிறார்.

பாட்டியிடம் தமிழ்க் காலண்டரும் உண்டு, அது பூஜை அறையில் இருக்கிறது. அதில் இருந்து எடுத்து, சரிபார்த்து, இதில் எழுதுகிறார். சரிபார்ப்பதற்குக் கட்டத்தின் மூலையில் உள்ள சீனத் தேதி உதவுகிறது. அது எப்படி என்பது கீழே ஒரு தனிக் கேள்வியாகவே வருகிறது.

கட்டத்துக்குள் ‘ஏ’, ‘பி’, ‘ச’ என்று வருகிறதே, அதெல்லாம் என்ன?

ஏ ஏகாதசி, பி பிரதோஷம், ச சஷ்டி, ச-வுக்கு மேல் சுழி போட்டால் சங்கடஹர சதுர்த்தி, கி கிருத்திகை. அமாவாசைக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம், பௌர்ணமிக்கு வெறும் வட்டம். சிவப்பு மையில் எழுதினால் அன்று பாட்டி விரதம். நீல மையில் எழுதினால் வீட்டில் சைவச் சமையல் மட்டும்.

முதல் நாள் கட்டத்தில் பென்சிலில் இருக்கும் குறிப்புகளைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஏகாதசிக் கட்டத்தில் ‘அகத்தி’ என்று இருப்பது மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வாங்க வேண்டும் என்பதற்காக. அமாவாசைக்கு முதல் நாள் ‘வாழைக்காய்’ என்று இருக்கும். விரதம் என்பது வீட்டில் முதலில் ஒரு சந்தைப் பட்டியலாகத்தான் வருகிறது. கதையில் நான் மிகவும் விரும்பி எழுதியது இந்தப் பென்சில் குறிப்புகளைத்தான்.

திதி என்றால் ஒரு நாள்தானே? அது எப்படி மத்தியானம் பாதியில் மாறும்?

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி முடிகிறது. அமாவாசையில் இருந்து அடுத்த அமாவாசை வரை 360 பாகை, அதனால் 30 திதிகள். சந்திரன் பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகர்வதால், ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்திலேயே முடியும், சில சமயம் 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். ஆகவே அது காலையிலும் மாறலாம், நள்ளிரவிலும் மாறலாம்.

திதி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் சூரியன் எங்கே இருக்கிறது என்பதுதான் வேறுபடும். பாட்டி புதன்கிழமையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் செவ்வாய்க்கிழமை பிரதோஷம், பினாங்கில் புதன்கிழமையா? கதைக்காகச் செய்ததா, உண்மையிலேயே நடக்குமா?

நடக்கும். கதையில் வரும் நேரங்களை வைத்தே பார்ப்போம். சென்னைக் காலண்டரில் செவ்வாய் மாலை 5.10 வரை துவாதசி. அதன் பிறகு திரயோதசி, அது புதன் மாலை 5.30 வரை. பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் நேரத்தில் திரயோதசி இருக்க வேண்டும். சென்னையில் அன்று சூரியன் மறைவது 6.15. செவ்வாய் 6.15-க்குத் திரயோதசி வந்துவிட்டது. புதன் 6.15-க்கு அது போய்விட்டது. ஆகவே சென்னைக்குச் செவ்வாய்.

இதே நேரங்களை மலேசிய நேரத்துக்கு மாற்ற இரண்டரை மணி கூட்ட வேண்டும். திரயோதசி தொடங்குவது செவ்வாய் இரவு 7.40, முடிவது புதன் இரவு 8.00. பினாங்கில் அன்று சூரியன் மறைவது 7.20 வாக்கில். செவ்வாய் 7.20-க்கு இன்னும் துவாதசிதான். புதன் 7.20-க்குத் திரயோதசி இருக்கிறது. பினாங்குக்குப் புதன். பேத்தி சொன்னதும் சரி, பாட்டி சொன்னதும் சரி.

பிரதோஷ காலம் அஸ்தமனத்துக்குப் பின்னும் ஒன்றரை மணி நேரம் நீள்கிறதே, செவ்வாய் 7.40-க்கு மேல் போயிருக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் புதனன்று 5.50-இல் இருந்து 8.00 வரை தொடர்ந்து திரயோதசி இருக்கிறது, அஸ்தமனமும் அதற்குள்ளேயே வருகிறது. எந்த வகையில் பார்த்தாலும் புதன்தான் நிற்கும்.

அப்படியானால் இந்தியக் காலண்டரில் இரண்டரை மணி கூட்டினால் போதும், சரிதானே?

அது பாதிக் கணக்கு. கூட்டிய பிறகு நம் ஊர்ச் சூரியனோடு ஒப்பிட வேண்டும். கடிகார வித்தியாசம் இரண்டரை மணி என்றாலும் சூரியன் நமக்குச் சென்னையைவிட ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் முன்பாகத்தான் உதித்து மறைகிறது. சென்னை 80-ஆவது தீர்க்கரேகைக்குப் பக்கத்திலும் பினாங்கு 100-க்குப் பக்கத்திலும் இருக்கின்றன. நம் கடிகாரம் அதைவிட முன்னால் ஓடுவதால்தான் பினாங்கில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிறது.

திதி மாறும் கணம் இந்த ஒன்றேகால் மணி இடைவெளிக்குள் விழுந்தால்தான் இரண்டு ஊருக்கும் நாள் மாறும். மற்ற சமயங்களில் இரண்டும் ஒன்றே. வருடத்தில் வரும் பிரதோஷங்களில் ஒன்றிரண்டுக்குத்தான் இப்படி நேரும். அதனால்தான் பல வருடம் இந்தியக் காலண்டரையே பார்த்தவர்களுக்கும் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று. கதையில் பாட்டியின் பழைய நோட்டில் ‘2 மணி கூட்டு’ என்று எழுதியிருக்கும், பேத்தி அதையும் மறதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்வாள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல்தான் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன் இந்தியாவோடு நமக்கு இரண்டு மணி வித்தியாசம்தான். நோட்டு எழுதப்பட்ட காலத்தில் அது சரியான கணக்கு.

என் வீட்டுக் காலண்டர் மலேசியாவில் அச்சடித்ததுதான். அதிலுள்ள நேரம் மலேசிய நேரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சூரிய உதயம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உதயம் ஆறு மணியை ஒட்டி இருந்தால் இந்தியக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழு மணியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் இந்த ஊருக்காகக் கணித்தது. பினாங்கில் வருடம் முழுவதும் உதயம் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் இருக்கும். கோலாலம்பூரில் சில நிமிடம் முன்பாக. உதயம் போடாத காலண்டராக இருந்தால் அடுத்தடுத்த கேள்விகளில் வரும் அமாவாசைச் சோதனையைச் செய்து பாருங்கள்.

எல்லா விரதத்துக்கும் சூரிய உதயத்தில் இருக்கும் திதிதானே கணக்கு?

இல்லை. பாட்டி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பது இதைத்தான். ஏகாதசிக்கு உதயம். பிரதோஷத்துக்கு அஸ்தமனம். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும் நேரம். சிவராத்திரிக்கு நள்ளிரவு. கிருத்திகைக்குத் திதியே வேண்டாம், நட்சத்திரம் போதும். எந்த வழிபாடு எப்போது நடக்கிறதோ அந்த நேரத்தில் அதற்குரிய திதி இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

கந்த சஷ்டி இதில் பலரைத் தடுமாற வைக்கும். 2025-இல் சஷ்டி திதி நம் நேரப்படி அக்டோபர் 27 காலை எட்டரை வாக்கில்தான் தொடங்கியது. அன்று விடியும்போது பஞ்சமிதான் இருந்தது. மறுநாள் 28 விடியும்போது சஷ்டி இருந்தது. உதயக் கணக்குப் போட்டவர்கள் 28 என்பார்கள். ஆனால் சூரசம்ஹாரம் 27 திங்கள்கிழமைதான். கந்த சஷ்டிக்குப் பஞ்சமியோடு சேர்ந்து வரும் சஷ்டியைத்தான் எடுப்பார்கள். பகலில் சஷ்டி தொடங்கிவிட்டால் அன்றைய மாலையே சம்ஹாரம்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, அமாவாசை 21 என்று போட்டிருந்தது. தீபாவளி அமாவாசையன்றுதானே? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நம்மவர்களின் தீபாவளி நரக சதுர்த்தசி. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் சதுர்த்தசி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 20-ஆம் தேதி திங்கட்கிழமை விடியலில் சதுர்த்தசி இருந்தது. அது நம் நேரப்படி மாலை 6.14-க்கு முடிந்து அமாவாசை தொடங்கியது. அமாவாசை 21 இரவு 8.24 வரை இருந்தது. ஆகவே முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் பகல் அமாவாசை 21-ஆம் தேதிதான். மறுநாள் 22 புதனன்று கந்த சஷ்டி விரதம் தொடங்கியது.

அந்த வாரத்துக் கட்டங்களைப் பாட்டி எப்படி நிரப்பியிருப்பார் என்று யோசித்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. திங்களன்று பலகாரமும் கறியும். செவ்வாயன்று வாழைக்காயும் எள்ளும். புதனில் இருந்து ஆறு நாள் விரதம். தீபாவளிக்கு வாங்கிய ஆட்டிறைச்சி மிச்சமாகக் கூடாது என்பதால் பென்சிலில் ‘அளவாக’ என்று ஒரு சொல் கட்டாயம் இருந்திருக்கும்.

சீனத் தேதியை வைத்து அமாவாசை பார்ப்பதாகக் கதையில் வருகிறது. அது நம் சாஸ்திரத்துக்குச் சரியா?

வானத்தில் இருப்பது ஒரே சந்திரன். சூரியனும் சந்திரனும் ஒரே கோணத்தில் சேரும் கணம் எந்த நாளில் விழுகிறதோ அதுவே சீன மாதத்தின் முதல் நாள். நம் அமாவாசைத் திதி முடிவதும் அதே கணத்தில்தான். சீனாவும் நம்மைப் போலவே கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் இருக்கும் நேரத்தைப் பின்பற்றுவதால் நாளும் பிசகாது. ஆகவே அமாவாசைத் திதி முடியும் தேதி குதிரைக் காலண்டரில் சீன மாதம் ஒன்றாம் தேதியாக இருக்கும். நம் அமாவாசை அன்றோ அதற்கு முதல் நாளோ வரும். மேலே சொன்ன அக்டோபர் 21 சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் நாள். சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவுக்குப் பக்கத்து வீட்டில் சைவம் தொடங்கியதும் அன்றுதான். அடுத்தடுத்த கதவுகளுக்குள் அந்த வாரம் இரண்டு வீட்டிலும் இறைச்சி இல்லை.

உங்கள் தமிழ்க் காலண்டரில் அமாவாசை முடியும் தேதி இதோடு ஒத்து வராவிட்டால், அதன் நேரங்கள் வேறு கணக்கு என்று புரிந்துகொள்ளலாம். பௌர்ணமிக்கு இந்தச் சோதனை உதவாது. சீனப் பதினைந்தாம் தேதி எண்ணிக்கையில் வருவது, முழு நிலவு பதினாறிலும் சில மாதம் பதினேழிலும் விழும். மாத எண்ணையும் நம்பக் கூடாது. 2024-இல் அதே ஒன்பது பேரரசர் விழா அக்டோபர் 3-ஆம் தேதி நவராத்திரியோடு தொடங்கியது. 2025-இல் சீனர்களுக்கு ஓர் ஆறாம் மாதம் கூடுதலாக வந்ததால் கந்த சஷ்டிப் பக்கம் தள்ளிவிட்டது.

வீட்டில் இரண்டு தமிழ்க் காலண்டர். இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறு வேறாக இருக்கிறது. எதை எடுப்பது?

ஒன்று வாக்கியப் பஞ்சாங்கப்படியும் மற்றது திருக்கணிதப்படியும் இருக்கும். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணிப்பது, திருக்கணிதம் வானில் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. சில மணி நேரம் வரை வித்தியாசம் வரும். மேலே நான் கொடுத்த 2025 நேரங்கள் திருக்கணிதம். சீனத் தேதிச் சோதனையும் அதற்குத்தான் பொருந்தும்.

எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் குடும்பம் எந்தக் கோயிலோடு ஒட்டியிருக்கிறதோ அந்தக் கோயில் பின்பற்றுவதையே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றி எடுப்பதுதான் குழப்பம். கதையில் பாட்டி திருக்கணிதம்.

சில மாதம் ஏகாதசி இரண்டு நாள் போட்டிருக்கிறார்களே, இரண்டு நாளும் பட்டினியா?

ஒரு நாள்தான். வைணவ முறையில், உதயத்துக்கு நான்கு நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்னால் தசமி மிச்சம் இருந்தால் அந்த ஏகாதசியை விட்டு மறுநாளை எடுப்பார்கள். மற்றவர்கள் முதல் நாளையே எடுப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. இங்கேயும் நம் ஊர் உதயம்தான் கணக்கு. பினாங்கில் விடியல் 7.15 என்றால், 5.39-க்குத் தசமி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

கைப்பேசிச் செயலியே எல்லாம் சொல்கிறதே, பாட்டியின் வேலை இப்போது தேவையா?

செயலி நல்லதுதான், ஊரைச் சரியாக வைத்தால். பல செயலிகள் முதலில் இந்திய நகரம் ஒன்றையே எடுத்துக்கொள்ளும். அமைப்புக்குள் போய் ஜார்ஜ் டவுன் என்றோ கோலாலம்பூர் என்றோ மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு உதயம் ஏழு மணியை ஒட்டியோ அதற்கு மேலோ காட்டுகிறதா என்று பாருங்கள். கதையில் பேத்தியின் கைப்பேசி சென்னையில் இருந்தது, அது சென்னைக்குச் சரியாகவே சொன்னது.

ஆனால் அகத்திக்கீரை வாங்க வேண்டும் என்றும், மகனுக்கு அன்று இரவு வேலை என்றும் எந்தச் செயலியும் கட்டத்துக்குள் எழுதி வைக்காது. நான் பார்த்த வீடுகளில் செயலி வந்த பிறகும் சுவர்க் காலண்டர் இறங்கவில்லை. செயலியில் பார்த்து இதில் எழுதுகிறார்கள்.

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்று வருகிறது. அப்படியும் எல்லா விரதமும் இருக்கிறாரா?

இல்லை. கதையின் நடுவில் மருமகள் இதைத்தான் கண்டுபிடிக்கிறார். பழைய வருடக் காலண்டர்களைப் புரட்டும்போது, சிவப்பில் இருந்த ஏகாதசி ஒவ்வொன்றாக நீலமாகியிருக்கும். இன்சுலின் தொடங்கிய வருடத்தில் இருந்து சிவப்பு மையில் இருப்பவை சில நாட்கள்தான், அவற்றிலும் ‘பால், பழம்’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். மருத்துவரிடம் கேட்டுத்தான் மை மாறியிருக்கிறது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முழுப் பட்டினி இருக்கவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஞாபகம் தப்புகிறது என்று வீடே சந்தேகப்பட்ட ஒருவர், தன் உடம்பில் நடந்த மாற்றத்தைக்கூட வருடம் தவறாமல் மையில் குறித்து வைத்திருக்கிறார். மருமகள் அதைப் பார்த்த பிறகுதான் சோதனைகளை நிறுத்துகிறார்.

கடைசியில் பேத்தி மன்னிப்புக் கேட்டாளா? கதை சட்டென்று முடிந்துவிட்டதே.

கேட்கவில்லை. சோதனைகள் நின்ற பிறகு, அந்தப் புதன்கிழமை மாலை பாட்டி நின்ற கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடந்த படத்தை அம்மா அனுப்புகிறார். பேத்தி அன்றிரவே அழைத்து, அடுத்த மாதத்துப் பிரதோஷம் சென்னைக்கு எந்தக் கிழமை, பினாங்குக்கு எந்தக் கிழமை என்று கேட்கிறாள். பாட்டி, “உன் ஊருல சூரியன் எத்தனை மணிக்கு மறையுது, அதை முதல்ல பார்த்துச் சொல்லு” என்கிறார். அவள் சன்னலுக்குப் போகிறாள். மன்னிப்பு வேண்டும் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அந்த இருவருக்கும் நடுவில் அது தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன், முடிவை மாற்றும் எண்ணம் இல்லை.